வாலில் நிற்கும் சமக்குறிகள்

மின்னஞ்சல் கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு வைக்கும்போது திரையில் ஒரு க்யூஆர் கட்டம் வரும். செல்பேசியில் உள்ள ஆதென்டிகேட்டர் செயலியைக் காட்டி அதை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. அன்றிலிருந்து அந்தச் செயலி 30 விநாடிக்கு ஒரு முறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். கேமரா சரியில்லாதவர்களுக்காகக் கட்டத்துக்கு அடியிலேயே ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா?’ என்று ஓர் இணைப்பும் இருக்கும். அதைத் தொட்டால், கையால் தட்டச்சு செய்துகொள்ளச் சொல்லி இதுபோல ஒரு சரம் வரும்:

```
GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ
```

இது யாருடைய சாவியும் அல்ல. இந்த ஆறு இலக்க எண்களைக் கணக்கிடும் முறையை வகுத்த ஆர்.எஃப்.சி. 6238 என்ற 2011ஆம் ஆண்டு ஆவணத்தில், சோதித்துப் பார்ப்பதற்காகவே 1 முதல் 0 வரை இரண்டு தடவை எழுதி ஒரு சாவி தந்திருக்கிறார்கள். அதன் மாற்றெழுத்துதான் மேலே இருப்பது. அதைச் சற்று உற்றுப் பாருங்கள். எல்லாமே பெரிய எழுத்துகள். எண்களில் 2 முதல் 7 வரை மட்டுமே வரலாம். இது போன்ற எந்தச் சாவியிலும் 0, 1, 8, 9 தென்படாது. 26 எழுத்துகளும் ஆறு எண்களும் சேர்ந்தால் 32. இதற்குப் பேஸ் 32 என்று பெயர்.

சில இடங்களில் இதே மாதிரிச் சாவியின் கடைசியில் மூன்று, நான்கு, ஆறு என்று சமக்குறிகள் வரிசையாக நிற்கும். சில செயலிகள் அவற்றைப் போட்டால் ‘தவறான சாவி’ என்கின்றன. சில மென்பொருள்கள் அவை இல்லாவிட்டால் வேலையே செய்ய மறுக்கின்றன. இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்ற நிலையில், பலர் அவற்றை வெறும் அலங்காரம் என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறார்கள். அந்தச் சமக்குறிகளுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. அதை வேறு எந்த எழுத்தாலும் சொல்ல முடியாது.

கணினிக்குள் எல்லாமே பைட்டுகள்தான். ஒரு பைட் என்பது எட்டு பிட், அதாவது எட்டு 0 அல்லது 1. அதற்கு 256 மதிப்புகள் இருக்கலாம். அவற்றில் பலவற்றுக்கு விசைப்பலகையில் எழுத்தே கிடையாது. ஒரு ரகசியச் சாவி என்பது கண்டபடி உருவாக்கிய பைட்டுகளின் வரிசை. அதை அப்படியே திரையில் காட்ட முடியாது, தொலைபேசியில் படித்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் தெரிந்த சில எழுத்துகளுக்குள் அதை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் இணைப்புகளுக்குப் பயன்படும் பேஸ் 64 இதைவிடச் சிக்கனமானது. மூன்று பைட்டுகளை நான்கு எழுத்தில் அடக்கிவிடும். ஆனால் அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ‘பெரிய ஏயா, சின்ன ஏயா?’ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் கேட்க வேண்டியிருக்கும். பேஸ் 32 இந்தத் தொல்லையை விட்டொழிக்கிறது. O என்ற எழுத்தோடு குழம்பக்கூடிய 0, I என்ற எழுத்தோடு குழம்பக்கூடிய 1 இரண்டையும் ஒதுக்கிவிடுகிறது. விலை என்னவென்றால் நீளம்: ஐந்து பைட்டுகளுக்கு எட்டு எழுத்து.

அந்த ஐந்தும் எட்டும் எங்கிருந்து வந்தன என்பதில்தான் சமக்குறியின் கதை தொடங்குகிறது. 32 எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐந்து பிட் போதும். பைட்டோ எட்டு பிட். ஐந்தும் எட்டும் முதன்முதலில் சந்திக்கும் இடம் 40. ஐந்து பைட்டுகளை எடுத்து 40 பிட்டாக வரிசையில் வைத்து, ஐந்தைந்தாக வெட்டினால் எட்டுத் துண்டுகள் பிசிறில்லாமல் வரும். 20 பைட் சாவிக்கு இப்படி நான்கு தொகுப்புகள், ஆக 32 எழுத்துகள். மேலே பார்த்த சாவியில் சமக்குறியே இல்லாததற்குக் காரணம் இதுதான். 20 ஐந்தால் வகுபடும் எண். கணக்கு மிச்சமில்லாமல் முடிந்துவிடுகிறது.

மிச்சம் வந்தால் என்ன ஆகிறது என்பதற்குத் தமிழ் எழுத்து ‘அ’வையே எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இன்று எங்கும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பதினாறடிமான எண்ணில் எழுதினால் `E0`, `AE`, `85`. பிட்டுகளாக விரித்து, பிறகு ஐந்தைந்தாக வெட்டிப் பார்க்கலாம்:

```
11100000 10101110 10000101

11100 00010 10111 01000 0101
```

24 பிட்டுகளில் நான்கு முழுத் துண்டுகள் கிடைத்தன. கடைசியில் நான்கு பிட் மட்டும் மிஞ்சிவிட்டது. நான்கு பிட்டுக்கு எழுத்து கிடையாது. அதனால் வலப்புறம் ஒரு 0 சேர்த்து ஐந்தாக்குகிறோம். இனி எழுத்தாக மாற்றலாம். A என்பது 0, B என்பது 1 என்று தொடங்கி Z என்பது 25. அதற்கு மேல் 2 என்ற குறி 26ஐயும் 7 என்ற குறி 31ஐயும் சுட்டும்.

```
11100 00010 10111 01000 01010
  28     2    23     8    10
   4     C     X     I     K
```

`4CXIK` என்ற ஐந்து எழுத்துகள் வந்துவிட்டன. தொகுப்புக்கு எட்டு இடங்கள் உண்டு. மூன்று காலியாக இருக்கின்றன. இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. ஏற்கெனவே ஒரு 0 சேர்த்தோமே, அதேபோல மீதி இடங்களையும் 0 போட்டு நிரப்பினால் என்ன? அப்படிச் செய்தால் 00000 என்பது A ஆகும், சரம் `4CXIKAAA` ஆகும். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதைத் திருப்பி மாற்றுகிறவருக்கு 40 பிட் கிடைக்கும், அதாவது ஐந்து பைட்டுகள்: ‘அ’வுக்கு உரிய மூன்றும், அதன் பின்னால் இரண்டு பூஜ்ய பைட்டுகளும். அந்த இரண்டு பூஜ்யங்களும் அனுப்பியவர் எழுதியவையா, இடம் நிரப்பப் போட்டவையா? பெற்றவரால் சொல்லவே முடியாது. பூஜ்யம் என்பது பைட்டுக்கு உரிய ஒரு முழுமையான மதிப்பு. படங்களிலும் ஒலிக்கோப்புகளிலும் சாவிகளிலும் உண்மையான பூஜ்யங்கள் ஏராளமாக வரும்.

பள்ளி மதிப்பெண் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதி பூஜ்யம் வாங்கிய மாணவனையும் தேர்வுக்கே வராத மாணவனையும் ஒரே ‘0’ போட்டு எழுதிவிட்டால் வகுப்பின் சராசரியே தப்பாகிவிடும். வராதவனுக்கு ஆசிரியர் வேறு குறி போடுகிறார். அந்தக் குறி எண்ணே அல்ல என்பதுதான் அதன் பயன். பேஸ் 32இல் அந்த வேலையைச் செய்வது சமக்குறி. அது 32 எழுத்துகளின் பட்டியலில் இல்லை. அதற்கு மதிப்பு கிடையாது. ‘இங்கே தரவு எதுவும் இல்லை’ என்பது மட்டுமே அதன் செய்தி. ஆகவே ‘அ’வின் சரியான வடிவம் `4CXIK===`. பைத்தான் மொழியில் யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்:

```
>>> import base64
>>> base64.b32encode('அ'.encode('utf-8'))
b'4CXIK==='
>>> base64.b32decode('4CXIKAAA')
b'\xe0\xae\x85\x00\x00'
```

சமக்குறிகள் எத்தனை வரலாம் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மிச்சம் ஒரு பைட் என்றால் அதன் எட்டு பிட்டுக்கு இரண்டு எழுத்து வேண்டும், ஆறு சமக்குறி. இரண்டு பைட் என்றால் நான்கு எழுத்து, நான்கு சமக்குறி. மூன்று பைட்டுக்கு ஐந்து எழுத்து, மூன்று சமக்குறி. நான்கு பைட்டுக்கு ஏழு எழுத்து, ஒரு சமக்குறி. இவை தவிர வேறு வழியில்லை. ஒரு சரத்தின் முடிவில் இரண்டு, ஐந்து அல்லது ஏழு சமக்குறிகள் நின்றால், எழுத்துகளைப் படிக்காமலே அது கெட்டுப்போன சரம் என்று சொல்லிவிடலாம். ஏழு சமக்குறி என்றால் ஒரே ஓர் எழுத்து, ஐந்து பிட். அதில் ஒரு பைட் கூட அடங்காது. ஐந்து சமக்குறி என்றால் மூன்று எழுத்து, 15 பிட். ஒரு பைட்டுக்கு அது தேவைக்கு மேல், இரண்டுக்கு அது போதாது. இரண்டு சமக்குறிக்கும் இதே கணக்குதான்.

இந்த இடத்தில் கவனமான வாசகர் மடக்கிவிடலாம். எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலே எத்தனை பைட் என்று தெரிந்துவிடுகிறதே. ஐந்து எழுத்து என்றால் மூன்று பைட்தான். பிறகு எதற்குச் சமக்குறி? நியாயமான கேள்வி. சரம் தனியாக நிற்கும்வரை, அது எங்கே முடிகிறது என்பது உறுதியாகத் தெரியும்வரை, சமக்குறி புதிதாக எதையும் சொல்வதில்லை. A போட்டு நிரப்புவதுதான் குற்றம்; ஒன்றும் போடாமல் விடுவது குற்றமில்லை. ஆனால் அந்த ‘முடிகிற இடம் தெரியும்வரை’ என்ற நிபந்தனையை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு சரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

‘அ’ `4CXIK` என்றால், ‘ஆ’வின் மூன்று பைட்டுகளை மாற்றினால் `4CXIM` வரும். ஒரு நிரல் ‘அ’வை மாற்றிக் கோப்பில் எழுதுகிறது, பிறகு ‘ஆ’வை மாற்றி அதே வரியில் தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமக்குறி இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது `4CXIK4CXIM`. பத்து எழுத்துகள். எட்டு எழுத்துள்ள ஒரு முழுத் தொகுப்பு, மிச்சம் இரண்டு எழுத்து. இது சட்டப்படி செல்லும் நீளம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆறு பைட்டுகள் வெளிவரும். அவற்றை எழுத்தாகப் படித்தால் கிடைப்பது ‘அஆ’ அல்ல:

```
அpWC
```

இது எப்படி நடந்தது? ‘அ’வுக்கு 24 பிட், ஐந்து எழுத்தில் இருப்பதோ 25 பிட். இடம் நிரப்பச் சேர்த்த அந்த ஒரு 0வை இப்போது உண்மையான தரவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது நிரல். அதனால் ‘ஆ’வின் பிட்டுகள் எல்லாம் ஓரிடம் நகர்ந்து, வேறு மூன்று பைட்டுகளாகச் சேர்ந்துவிட்டன. அந்தப் பைட்டுகள் தற்செயலாக p, W, C என்ற ஒழுங்கான எழுத்துகளாகவும் அமைந்துவிட்டன. பிழை நடந்ததற்கான தடயமே இல்லை. சமக்குறியோடு எழுதியிருந்தால் கோப்பில் `4CXIK===4CXIM===` இருந்திருக்கும். எட்டெட்டாகப் படிக்கும் நிரல் இரண்டு எழுத்துகளையும் சரியாகப் பிரித்துக்கொள்ளும். பைத்தானின் `b32decode` போல நடுவில் சமக்குறியை ஏற்காத நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் பொய்யான விடை வராது. என் பார்வையில் சமக்குறியின் முதல் மதிப்பு இதுதான்.

இதனால்தான் பேஸ் 16, 32, 64 மூன்றுக்கும் பொது விதி வகுத்த ஆர்.எஃப்.சி. 4648, பயன்படுத்தும் தரநிலை வெளிப்படையாக வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, முடிவில் நிரப்புக்குறிகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறது. சைமன் யோசெஃப்சன் எழுதி 2006 அக்டோபரில் வெளியான ஆவணம் இது. ‘வேண்டாம்’ என்பதற்கு வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் அதை யாரோ ஒருவர் பொறுப்போடு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படிச் சொன்னவர்களில் டோர் வலையமைப்பைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். அதன் மறைமுகத் தளங்களின் இப்போதைய முகவரி 56 எழுத்துகளும் பின்னால் `.onion` என்பதும் கொண்டது. இணைய முகவரியில் சமக்குறிக்கு இடமில்லை. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டுக்கும் இடமில்லை. ஆகவே பேஸ் 32தான், அதுவும் நிரப்புக்குறி இல்லாமல். அவர்கள் செய்தது என்னவென்றால், 32 பைட் பொதுச்சாவியோடு இரண்டு பைட் சரிபார்ப்பு எண்ணையும் ஒரு பைட் பதிப்பு எண்ணையும் சேர்த்து 35 பைட் ஆக்கினார்கள். 35 ஐந்தால் வகுபடும்; மிச்சமே வராது. நிரப்ப வேண்டிய இடமே இல்லாதபோது நிரப்புக்குறி பற்றிய கேள்வியும் இல்லை. பதிப்பு எண் 3 கடைசி பைட்டில் இருப்பதால் இந்த முகவரிகள் அனைத்தும் d என்ற எழுத்தில் முடிகின்றன என்பது அதன் கூடுதல் விளைவு. எழுத்து தவறினால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே இருக்கிறது. நிரப்புக்குறியைக் கைவிடுவதென்றால் இப்படி எல்லாவற்றையும் யோசித்துக் கைவிட வேண்டும்.

ஆதென்டிகேட்டர் சாவிகளின் கதை அவ்வளவு ஒழுங்கானது அல்ல. க்யூஆர் கட்டத்துக்குள் இருப்பது உண்மையில் `otpauth://` என்று தொடங்கும் ஒரு முகவரி. அதற்குள் `secret=` என்ற இடத்தில் சாவி வரும். முகவரியில் பெயரையும் மதிப்பையும் பிரிப்பதே சமக்குறிதான். சாவியின் வாலிலும் சமக்குறிகள் இருந்தால் அவற்றை `%3D` என்று மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம். அதனால் கூகுள் ஆதென்டிகேட்டருக்காக எழுதப்பட்ட வடிவக்குறிப்பு, நிரப்புக்குறி தேவையில்லை, அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 20 பைட் சாவிக்கு இதனால் பாதிப்பில்லை. சில தளங்கள் 16 பைட் சாவி தருகின்றன. அதற்கு 26 எழுத்துகளும் ஆறு சமக்குறிகளும் வர வேண்டும். தருவது 26 எழுத்துகள் மட்டும். பைத்தானில் நேராகக் கொடுத்தால் `Incorrect padding` என்று நின்றுவிடும். நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சொற்களின் வழியாகத்தான் சமக்குறியை முதன்முதலில் சந்திக்கிறார்கள்.

இதற்குச் சரியான மருந்து சிறியது. இடைவெளிகளை நீக்கி, பெரிய எழுத்தாக்கி, எட்டின் மடங்காகும்வரை சமக்குறி சேர்க்க வேண்டும்:

```
s = s.replace(' ', '').upper()
s += '=' * (-len(s) % 8)
```

ஆனால் அவசரத்தில் சிலர் சமக்குறிக்குப் பதில் A சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டுவது உண்டு. ‘அ’வுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம், 16 பைட் சாவி இப்போது 20 பைட் ஆகிவிடும், கடைசி நான்கும் பூஜ்யம். வியப்பு என்னவென்றால், ஆறு இலக்க எண்கள் அப்போதும் சரியாகவே வரும். காரணம், அந்த எண்களைக் கணக்கிடும் எச்மேக் என்ற முறை. வழக்கமான எஸ்எச்ஏ-1 வகையில், அது சாவியை எடுத்துக்கொண்டவுடன் 64 பைட் வரும்வரை தானாகவே பூஜ்யம் சேர்த்துக்கொள்ளும். நாம் நான்கு பூஜ்யம் முன்கூட்டியே சேர்த்தால் அது 44 சேர்க்கும். சேர்க்காவிட்டால் 48 சேர்க்கும். முடிவு ஒன்றே. பிழையான நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறி, பல காலம் உழைக்கும். பிறகு யாரோ அதே நிரல்பகுதியை வேறு வேலைக்கு எடுப்பார்கள். எடுத்துக்காட்டாக 16 பைட் ஏஇஎஸ் சாவி ஒன்றைப் படிக்க. ஏஇஎஸ் 16, 24, 32 பைட் சாவிகளை மட்டுமே ஏற்கும். 20 பைட்டைப் பார்த்ததும் மறுத்துவிடும். அப்போது எல்லோரும் ஏஇஎஸ் பக்கம்தான் பிழையைத் தேடுவார்கள். பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல என்பதை ஓர் இடத்தில் மறந்ததன் விளைவு, அதோடு சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்தில் வெளிப்படுகிறது.

சரியான மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. சமக்குறிகளோடு வரும் சரத்தின் நீளம் எப்போதும் எட்டின் மடங்கு. நகலெடுக்கும்போது வாலில் ஒன்றிலிருந்து ஏழு வரை எத்தனை எழுத்து விட்டுப்போனாலும் நீளம் கெட்டுவிடும், நிரல் கத்திவிடும். நாமே சமக்குறி சேர்த்துச் சரிசெய்யும்போது அந்தக் காவலை எடுத்துவிடுகிறோம். 26 எழுத்துச் சாவியில் கடைசி இரண்டு விட்டுப்போனால் மிச்சம் 24, எட்டின் மடங்கு. ஒரு சமக்குறி கூடத் தேவைப்படாது. 15 பைட் சாவியாக அது அமைதியாக உள்ளே போகும்.

தொடக்கத்தில் பார்த்த 32 எழுத்துச் சாவிக்கும் இந்த ஆபத்து உண்டு. கடைசி Q விட்டுப்போய் 31 எழுத்து ஆகிறது என்று வையுங்கள். மேலே தந்த இரண்டு வரி நிரல் ஒரு சமக்குறி சேர்த்துவிடும். ஏழு எழுத்தும் ஒரு சமக்குறியும் செல்லும் வடிவம்தான். பைத்தான் மறுக்காமல் 19 பைட் தரும்: 1 முதல் 0 வரை ஒரு சுற்று, பிறகு 1 முதல் 9 வரை. கடைசி 0 காணாமல் போயிருக்கும். செயலி வழக்கம்போல 30 விநாடிக்கு ஓர் ஆறு இலக்க எண் காட்டும். தளம் ஒவ்வொன்றையும் தவறு என்று திருப்பும். பயனர் செல்பேசியின் கடிகாரம் தவறாக ஓடுகிறதோ என்று நேரத்தைத் திருத்திப் பார்ப்பார். கடிகாரம் தவறினாலும் இதே அறிகுறிதான். ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம்: நேரத்தைச் சரிசெய்த பிறகும் ஓர் எண் கூட ஏற்கப்படவில்லை என்றால் சந்தேகம் சாவியின் பக்கம் திரும்ப வேண்டும்.

நிரல் எழுதுகிறவரால் இதை இன்னும் முன்னாலேயே பிடிக்க முடியும். கடைசி எழுத்தில் இடம் நிரப்பச் சேர்க்கும் பிட்டுகள் எப்போதும் 0ஆகவே இருக்க வேண்டும் என்பது ஆர்.எஃப்.சி. 4648இன் விதி. ஆனால் திருப்பி மாற்றும்போது அதைச் சோதிப்பதா வேண்டாமா என்பதை அது அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பல நிரல்கள் சோதிப்பதில்லை. f என்ற ஒற்றை எழுத்தின் சரியான வடிவம் `MY======`. அங்கே இரண்டாவது எழுத்தில் பயனுள்ளவை மூன்று பிட்தான், மீதி இரண்டு நிரப்பல். அதனால் `MZ======`, `M2======`, `M3======` மூன்றையும் கொடுத்தாலும் பைத்தான் f என்றே விடை தரும். ஒரே பொருளுக்கு நான்கு எழுத்துக்கூட்டு. சாவி பழையதா புதியதா என்று சரத்தைச் சரத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யும் நிரலுக்கு இது தலைவலி.

இதற்கான சோதனை, கிடைத்த பைட்டுகளை உடனே திரும்பப் பேஸ் 32 ஆக்கி, வந்த சரத்தோடு ஒப்பிடுவது. `MZ======` திரும்பும்போது `MY======` ஆகிவிடும், வேறுபாடு தெரிந்துவிடும். வால் அறுந்த நம் சாவிக்கும் இதைச் செய்து பார்க்கலாம்:

```
GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJ=
GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOI=
```

மேலே இருப்பது உள்ளே வந்தது. கீழே இருப்பது 19 பைட்டுகளைத் திரும்ப மாற்றியபோது கிடைத்தது. கடைசி எழுத்தைப் பாருங்கள்: J போய் I வந்திருக்கிறது. J என்பது 01001. அதன் கடைசி மூன்று பிட்டுகள் நிரப்பல் அல்ல, அறுந்துபோன பைட்டின் தலைப்பகுதி. அவை 000 ஆக இல்லாததால் மாட்டிக்கொண்டது. தற்செயலாக 000 ஆக இருந்திருந்தால் இந்தச் சோதனையும் தப்பவிட்டிருக்கும். கண்டபடி உருவாக்கிய சாவிகளில் எட்டில் ஒன்று அப்படி அமையும். 24 எழுத்தில் முடிந்த அந்த 16 பைட் சாவியை இது பிடிக்கவே பிடிக்காது, அங்கே நிரப்பல் பிட்டே இல்லை. அதற்கு, தளம் எத்தனை பைட் சாவி தருகிறது என்பதை நிரல் முன்பே தெரிந்துவைத்திருந்து, கிடைத்த பைட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அல்லது சமக்குறிகளை அழிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.